லேத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

லேத்தை வாங்குவதற்கு ஒன்று, லீஸுக்கு எடுப்பதற்கு ஒன்று என்று நீ அனுப்பிய இரண்டு கொட்டேஷனையும் பார்த்தேன். பெரிய தொகைகள் குழப்புகின்றன என்று லேத்தின் விலையை 100 ஆக வைத்து, மற்றதை அதற்கேற்பச் சுருக்கிவிட்டேன்.

வாங்கினால் முன்பணம் 20, மீதி 80-க்கு மூன்று வருடக் கடன். வட்டி 8 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் அது பிளாட் வட்டி. மாதாமாதம் நீ அசலை அடைத்துக்கொண்டு வந்தாலும் கடைசித் தவணை வரைக்கும் முழு 80-க்கும் வட்டி ஓடும். தவணை 2.76. குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் வட்டி 14 சதவீதத்தைத் தாண்டுகிறது.

சரி, மூன்று வருடத்தில் கட்டுவது 119. பராமரிப்பு வருடத்துக்கு 6 என்று 18. அப்புறம் 40-க்கு விற்றால், கையை விட்டுப் போனது 97. லீஸுக்கு மாதம் 3, பராமரிப்பு அவர்கள் பொறுப்பு, மொத்தம் 108.

இதோடு நிறுத்தினால் வாங்கு என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரே வருடத்தில் வேலை நின்றுபோனால்? லீஸில் மூன்று மாத வாடகையை அபராதமாகக் கட்டித் திருப்பிவிடலாம் என்று இருக்கிறது. 45-ல் முடிந்தது. வாங்கியிருந்தால் அதற்குள் முன்பணமும் தவணையுமாக 53, பராமரிப்பு 6 போயிருக்கும். கடன் பாக்கி 57 நிற்கும். லேத்தை 65-க்கு விற்றால் பாக்கி போக 8 மிஞ்சும். போனது 51. கடனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் கேட்டால் அது தனி.

ஆக, வேலை எத்தனை நாள் நீடிக்கும் என்பதுதான் கேள்வி. மாதம் 100 மணி நேரம் ஓடும் என்று எழுதியிருக்கிறாய். அது பட்டறை திறந்திருக்கும் நேரமா, சக் சுற்றும் நேரமா? நானும் ஒரு மில்லிங் மெஷினை அப்படித்தான் கணக்குப் போட்டு வாங்கினேன். ஆர்டர் கொடுத்தவர் இரண்டாம் மாதமே வேறு பக்கம் போய்விட்டார். மெஷினுக்குத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டு, தவணை கட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மா இன்றைக்கும் அந்தத் தார்ப்பாயைச் சொல்லிக் காட்டுவாள்.

இப்போது வெளியே கொடுத்துக் கடைந்து வாங்குகிறாயே, ஆள்கூலியைக் கழித்தால் அதில் மெஷினுக்கு மட்டும் மணிக்கு 0.05 ஆகிறது. லீஸ் வாடகை 3. அதாவது மாதம் 60 மணிக்குக் கீழே இருந்தால் இரண்டுமே வேண்டாம், வெளியிலேயே கொடு. தாண்டினாலும், எல்லாம் ஒரே வாடிக்கையாளரின் வேலை என்றால் லீஸ். மூன்று நான்கு பேரிடமிருந்து வருகிறது என்றால் வாங்கலாம், ஆனால் பிளாட் வட்டியில் வேண்டாம்.

கடந்த ஆறு மாத ஜாப் ஒர்க் பில்களை எடுத்து, யார் வேலைக்கு எத்தனை மணி என்று மாதவாரியாக எழுதி அனுப்பு. அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அப்பா