விடுப்பு விதி மாறுகிறதா? ஊழியர்களுக்கு அறிவிப்பு அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனங்களின் சம்பளக் கணக்கையும் விடுப்புக் கணக்கையும் பார்த்துவருகிறோம். விடுப்பு விதிகளை மாற்றப்போவதாகச் சொல்லி, ஊழியர்களுக்கு அனுப்பும் அறிவிப்பை எப்படி எழுதுவது என்று பலர் கேட்கிறீர்கள். வரும் வரைவுகளில் பெரும்பாலானவை புதிய விதியை நன்றாகவே விளக்குகின்றன. பழைய விதியிலிருந்து புதிய விதிக்கு மாறுகிற அந்த நாளில் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. ஊழியர்களுடைய கேள்விகள் எல்லாம் அங்கேதான் எழுகின்றன. அதனால் அதைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறோம்.

ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தின் விடுப்பு ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. இதுவரை வருடாந்திர விடுப்பு 18 நாளும் ஜனவரி 1 அன்று மொத்தமாகக் கணக்கில் ஏறிவிடும். இனி மாதத்துக்கு 1.5 நாளாகச் சேரும். ஆண்டு முழுவதற்கும் அதே 18 நாள்தான். நிர்வாகம் எழுதிய அறிவிப்பு ஒரே வரி: ‘ஜூலை 1 முதல் வருடாந்திர விடுப்பு மாதத்துக்கு 1.5 நாள் வீதம் மாத இறுதியில் வழங்கப்படும்.’

படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. இதை ஓர் ஊழியரின் கணக்கில் பொருத்திப் பாருங்கள். அவர் ஜூன் 30 வரை 11 நாள் விடுப்பு எடுத்திருக்கிறார். 18இல் 11 போக, இருப்பு 7 நாள். ஆகஸ்ட் நடுவில் தங்கையின் திருமணத்துக்காக 5 நாள் கேட்டு, மே மாதமே மேலாளரிடம் அனுமதியும் வாங்கிவிட்டார். ஜூலை 1 காலையில் அவர் கணக்கில் எத்தனை நாள்?

அந்த ஒரு வரியை மூன்று விதமாகப் படிக்கலாம்.

முதல் வாசிப்பு ஊழியருடையது. கையில் இருக்கும் 7 நாள் அப்படியே இருக்கும், அதற்கு மேல் மாதாமாதம் 1.5 நாள் சேரும் என்று அவர் நினைப்பார். அறிவிப்பில் அப்படித்தானே எழுதியிருக்கிறது! ஜூலை முதல் டிசம்பர் வரை 9 நாள் கூடுதலாகச் சேர்ந்து, அந்த ஆண்டுக்கு அவருக்கு 27 நாள் கிடைக்கும். நிர்வாகம் அதை நினைத்திருக்காது.

இரண்டாவது வாசிப்பு, மென்பொருளில் விதியை மாற்றுபவர் ஜனவரியிலிருந்தே புதிய கணக்கைப் போட்டுவிட்டால் வருவது. ஆறு மாதத்துக்குச் சேர்ந்தது 9 நாள், எடுத்தது 11 நாள். அப்படியானால் ஜூலை 1 அன்று இருப்பு மைனஸ் 2. ஜூலை 31 அன்று 1.5 நாள் சேர்ந்தபின்னும் மைனஸ் 0.5. மே மாதம் அனுமதி பெற்ற அந்த 5 நாளும் சம்பளமில்லா விடுப்பாக மாறிவிடும். அவருக்கு இது தெரியவருவது சம்பளச் சீட்டைப் பார்க்கும்போதுதான்.

மூன்றாவது வாசிப்பில் கையில் உள்ள 7 நாள் அப்படியே இருக்கும். இந்த ஆண்டுக்கு வேறெதுவும் சேராது. மாதாந்திரக் கணக்கு அடுத்த ஜனவரியில் தொடங்கும். ஆகஸ்டில் 5 நாள் போக 2 நாள் மீதி. ஆண்டு மொத்தம் 18 நாள்தான், எந்தத் தரப்புக்கும் நட்டம் இல்லை.

இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஆண்டு மொத்தம் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். வேறுபடுவது, அந்த நாள்களை எப்போது எடுக்கலாம் என்பது மட்டுமே. ‘மொத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை’ என்று நிர்வாகம் உண்மையாகவே சொல்லலாம். அதே நேரத்தில் ஓர் ஊழியர் 5 நாள் சம்பளத்தை இழக்கவும் கூடும்.

எங்கள் பரிந்துரை மூன்றாவது முறை. முடியுமானால் மாற்றத்தையே விடுப்பு ஆண்டின் முதல் நாளுக்குத் தள்ளிவையுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். கணக்கில் ஏற்கெனவே ஏற்றிக்கொடுத்த நாள்களைத் திரும்ப எடுக்கும் எண்ணம் இருந்தால், பணி ஒப்பந்தமும் உங்கள் நாட்டுச் சட்டமும் அதற்கு இடம் தருகின்றனவா என்று வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே அறிவிப்பை எழுதுங்கள். சட்டம் சொல்லும் குறைந்தபட்ச விடுப்புக்குக் கீழே எந்த நிறுவன விதியும் போக முடியாது.

மூன்றாவது முறையிலும் ஓர் இடறல் உண்டு. ஜனவரி 1 அன்று 18 நாளைப் பார்த்துப் பழகியவர்கள், அடுத்த ஜனவரியில் கணக்கைத் திறந்தால் போன ஆண்டின் மிச்சம் மட்டுமே இருக்கும். மிச்சம் இல்லாதவருக்குப் பூஜ்யம். 1.5 நாள் மாத இறுதியில்தான் சேரும் என்றால், ஜனவரி முழுவதும் அவரால் சம்பளத்துடன் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்க முடியாது. இதைத் தவிர்க்க இரண்டு வழிகள். மாதத்தின் முதல் நாளிலேயே சேர்த்துவிடலாம்; அல்லது 3 நாள் வரை முன்கடனாக எடுக்க அனுமதிக்கலாம். முன்கடன் கொடுத்தால், பாதியில் வேலையை விட்டுப் போகிறவரின் கடைசிக் கணக்கில் அதைக் கழிப்பீர்களா என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் சிறிய நிறுவனங்களுக்கு முதல் வழியே எளிது என்பது எங்கள் கருத்து.

அடுத்தது தேதி. ‘ஜூலை 1 முதல் அமல்’ என்றால், அது விண்ணப்பிக்கும் தேதியா, விடுப்பு எடுக்கும் தேதியா? விடுப்புக்கு 2 நாள் முன்னதாகச் சொன்னால் போதும் என்றிருந்ததை 7 நாள் என்று மாற்றுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். ஒருவர் ஜூன் 28 அன்று விண்ணப்பித்து ஜூலை 3 அன்று விடுப்பு கேட்கிறார். விடுப்பு நாளை வைத்துப் பார்த்தால் அவர் ஜூன் 26 அன்றே விண்ணப்பித்திருக்க வேண்டும். அன்று அந்த விதியே நடைமுறையில் இல்லை.

இதற்கு நாங்கள் பின்பற்றும் வழி எளிதானது. விண்ணப்பிப்பது பற்றிய விதி என்றால் விண்ணப்பித்த தேதியைப் பாருங்கள். நாள்களை எண்ணுவது பற்றிய விதி என்றால் விடுப்பு எடுத்த தேதியைப் பாருங்கள். விடுப்புக்கு நடுவே வரும் வார ஓய்வு நாளையும் விடுப்பாக எண்ணப்போகிறீர்கள் என்றால், ஜூன் 30 வரையிலான ஓய்வு நாள்களுக்குப் பழைய கணக்கு, ஜூலை 1 முதல் வருபவற்றுக்குப் புதிய கணக்கு. ஒரே விடுப்பு இரண்டு மாதத்திலும் கால் வைத்திருந்தாலும் அதை இப்படிப் பிரித்துவிடலாம்.

சம்பளக் கணக்கு முடிக்கும் நாளையும் மறக்காதீர்கள். உங்களில் பலருக்கு வருகைப் பதிவு மாதம் 25ஆம் தேதியோடு முடிகிறது. அப்படியானால் ஜூலை 28 அன்று எடுத்த விடுப்பின் விளைவு ஆகஸ்ட் சம்பளச் சீட்டில்தான் தெரியும். ஜூலைச் சீட்டைப் பார்த்து ‘எதுவும் மாறவில்லையே’ என்று நினைத்தவர், அடுத்த மாதம் திடுக்கிடுவார். எந்தச் சீட்டில் முதலில் தெரியும் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

இவற்றையெல்லாம் வைத்து, மேலே சொன்ன நிறுவனத்துக்கு நாங்கள் எழுதக்கூடிய அறிவிப்பு இப்படி இருக்கும். பெயரையும் தேதியையும் மாற்றி நீங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

‘வருடாந்திர விடுப்பு: ஜூலை 1 முதல் மாற்றங்கள்.

ஜூன் 30 அன்று பணியில் இருப்பவர்களுக்கு: உங்கள் கணக்கில் உள்ள விடுப்பு நாள்கள் அப்படியே இருக்கும். டிசம்பர் 31 வரை புதிதாக எதுவும் சேராது. அடுத்த ஜனவரி 1 முதல் 18 நாளும் மொத்தமாகச் சேராது. ஒவ்வொரு மாதமும் முதல் நாளில் 1.5 நாள் சேரும். டிசம்பர் 31 அன்று மிஞ்சும் நாள்கள் இப்போதுபோலவே அடுத்த ஆண்டுக்குச் செல்லும். ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் சேர்பவர்களுக்கு, சேர்ந்த மாதத்திலிருந்தே 1.5 நாள் கணக்கு.

ஏற்கெனவே அனுமதி பெற்ற விடுப்பு எதுவும் ரத்தாகாது. அதற்குச் சம்பளமும் பிடிக்கப்படாது.

ஜூலை 1 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களை 7 நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். ஜூன் 30 வரை கொடுத்தவற்றுக்குப் பழைய 2 நாள் விதியே பொருந்தும்.

உடல்நல விடுப்பு, மகப்பேறு விடுப்பு, பொது விடுமுறைகள் ஆகியவற்றில் மாற்றம் இல்லை.

உங்கள் இருப்பு ஜூன் 30 மாலை உங்களுக்குத் தனியாக அனுப்பப்படும். அதில் பிழை இருந்தால் ஜூலை 10க்குள் தெரிவியுங்கள்.’

என்ன மாறவில்லை என்ற வரியை நீளம் கருதி வெட்டிவிட வேண்டாம். விடுப்பு விதி மாறுகிறது என்று கேட்டதுமே, கர்ப்பமாக இருப்பவரும் சிகிச்சையில் இருப்பவரும் தங்கள் விடுப்பை நினைத்துத்தான் முதலில் பயப்படுவார்கள். ‘மேற்கண்ட விதிகள் நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டவை’ என்ற வரியோ தாராளமாகப் போகலாம். அதனால் ஊழியருக்குப் புரிவது எதுவும் இல்லை.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மாற்றத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஊழியர் ஒருவரிடம் வரைவைக் கொடுத்து, ‘ஜூலை 1 அன்று உங்கள் இருப்பு எவ்வளவு? ஜனவரி 5 அன்று எவ்வளவு?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணும் நாங்கள் போடும் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். வேறுபட்டால் பிழை அறிவிப்பில்தான். அவருக்கு வாயால் விளக்கிச் சமாதானம் செய்துவிட்டு அப்படியே அனுப்பிவிடாதீர்கள். மற்றவர்களுக்கு அந்த விளக்கம் கிடைக்காது.

மென்பொருளில் நாங்கள் செய்வதையும் சொல்லிவிடுகிறோம். மாற்றத்துக்கு முந்தைய நாள் அலுவலக நேரம் முடிந்ததும், எல்லோருடைய இருப்பையும் பட்டியலாக எடுத்துப் பத்திரப்படுத்துகிறோம். அதன் பிறகே விதியை மாற்றுகிறோம். சில நாள் முன்பே மாற்றிவைத்தால், நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்களை மென்பொருள் புதிய விதிப்படி தானாகவே நிராகரித்துவிடக்கூடும். அதனால் ‘முன்கூட்டியே போட்டுவையுங்கள்’ என்று எங்களிடம் கேட்க வேண்டாம்.

உங்கள் வரைவை ஊழியர்களுக்கு அனுப்புவதற்குக் குறைந்தது 5 வேலை நாள் முன்பாக எங்களுக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே அனுமதி கொடுத்துள்ள, இனி வரப்போகும் விடுப்புகளின் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். மேலாளர்கள் வாய்மொழியாக ஒப்புக்கொண்டவையும் அதில் இருக்கட்டும். மென்பொருளில் ஏறாத அவைதான் எங்கள் கண்ணில் படாமல் போகின்றன.

அன்புடன்,
சம்பளம் மற்றும் விடுப்புக் கணக்குப் பிரிவு