மெய்யம்மைக்கு, வண்டி விஷயமாக

சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள மெய்யம்மைக்கு அப்பச்சி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். ஆத்தாளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. வளவில் ஓடு மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது, ஆள் கிடைக்கவில்லை.

மார்ச்சில் லீஸ் முடிகிறது, வண்டியைத் திருப்பிக் கொடுக்கிறோம், வேறு வண்டி இப்போதைக்கு இல்லை என்று ஆத்தாளிடம் சொன்னாயாம். அது உங்கள் இஷ்டம். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட எப்படிப் போவாய் என்று ஆத்தா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை. போன வாரம் உங்கள் ஊர் நேரம் பகல் 11 மணிக்கு, அதுவும் புதன்கிழமை, போன் செய்தேன். மாப்பிள்ளைதான் எடுத்தார். லீவு போலிருக்கிறது. சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவிலேயே இருக்கும் கண்டனூர் சித்தப்பா மகன் அண்ணாமலைக்குப் போன வருடம் வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு லீஸ் கம்பெனியிலிருந்து 1,215 டாலருக்கு பில் வந்தது. அதை எனக்கு அனுப்பினான். பின் பம்பரில் கீறல் 425, முன் டயர் இரண்டுக்கு 360, ரிம் உரசலுக்கு 150, இரண்டாவது சாவி இல்லாததற்கு 280. இன்சூரன்ஸ் சர்வேயராக தேவகோட்டை ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் நசுங்கிய வண்டிகளையே பார்த்துக் காலம் தள்ளியவன் நான். அந்த பில்லைப் படித்ததும் எது நியாயம், எது அடாவடி என்று தெரிந்துவிட்டது.

டயர் நியாயம்தான். அங்கே பெரும்பாலான கம்பெனிகள் டயரின் பள்ளம் ஓர் அங்குலத்தில் 32-இல் 4 பங்காவது, அதாவது சுமார் 3 மில்லிமீட்டர், மீதி இருக்க வேண்டும் என்கின்றன. அவனுக்கு 3 பங்குதான் இருந்தது. நீயே பார்க்கலாம். கால் டாலர் காசை வாஷிங்டன் தலை கீழே இருக்கும்படி டயர் பள்ளத்தில் செருகு. ரப்பர் அவர் தலையைத் தொட்டால் ஏறக்குறைய 4 பங்கு இருக்கிறது என்று கணக்கு, தொடவில்லை என்றால் குறைவு. உட்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று இடத்திலும் பார். ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தாலும் அதைத்தான் எழுதுவார்கள். மாற்ற வேண்டி வந்தால் ஒப்பந்தத்தில் சொன்ன அளவிலும் தரத்திலும் போடு. மலிவாக ஏதோ ஒன்றைப் போட்டால் அதற்கும் பணம் கேட்பார்கள்.

ரிம்முக்கு அவன் வாதாடவில்லை. நடைபாதை விளிம்பில் உரசியது படத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. சாவி பிறகு கிடைத்தது, அதற்குள் கணக்கை முடித்துவிட்டார்கள். நீ இப்போதே சாவியைத் தேடி வை.

பம்பர்தான் வம்பு. வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் கம்பெனி அனுப்பும் ஆள் வீட்டுக்கே வந்து இலவசமாகச் சோதித்துத் தருவார். அந்த அறிக்கையில் பம்பர் கீறல் இல்லை. அண்ணாமலை வண்டியை டீலரிடம் விட்டான், அது அங்கே வெளியே பல நாள் நின்றது, அதற்குப் பிறகுதான் கடைசிச் சோதனை நடந்தது. நடுவில் யார் இடித்தார்களோ. நல்லவேளையாக, விடும்போது நான்கு பக்கமும் படம் எடுத்திருந்தான். கிலோமீட்டரோ மைலோ, மீட்டர் படமும் இருந்தது. தேதி, மீட்டர் எண், டீலர் கையெழுத்து போட்ட ரசீதும் இருந்தது.

பில்லில் ஒப்புக்கொண்ட 790-ஐ கெடுவுக்குள் கட்டிவிட்டு, 425 என் கணக்கில் சேராது என்று தனியாக எழுதினான். ஒவ்வொரு வரிக்கும் சோதனைப் படத்தையும் அளவையும் கேட்டான். தன் படங்கள், ரசீது, முதல் அறிக்கை மூன்றின் நகலையும் வைத்து, ஒப்புகைச் சீட்டுடன் தபாலில் அனுப்பினான். போனில் பேசியதெல்லாம் காற்றோடு போகும். முதல் பதில் 'முடியாது' என்று வந்தது. உடனே நுகர்வோர் நிதிப் புகார்களைக் கவனிக்கும் அரசாங்க அலுவலகத்தின் consumerfinance.gov தளத்தில் புகார் கொடுத்தான். அங்கே கொடுக்கும் புகாருக்குக் கம்பெனிகள் பொதுவாக 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். பம்பர் தொகையைத் தள்ளிவிட்டார்கள். ஒருவேளை வசூல் ஏஜென்சி கையில் போனால், அவர்கள் விவர நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் 'இது சரியல்ல, ஆதாரம் காட்டு' என்று எழுதிவிட வேண்டும். ஆதாரம் கொடுக்கும்வரை அவர்கள் வசூலை நிறுத்த வேண்டும்.

தேய்மானத்துக்கு அவர்கள் வைக்கும் அளவுகோல் நியாயமாக இருக்க வேண்டும், ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே ஒப்பந்தத்தோடு வந்த தேய்மானக் கையேட்டை எடுத்துப் படி. பல கையேடுகளில் கிரெடிட் கார்டு அளவு நெளிவு, கீறல் அனுமதி. அதற்கு மேல் போனால், கிழிந்த சீட், சிகரெட் சூடு, ஓட்டுபவர் பார்வைக்கு நேரே விழுந்த கண்ணாடி வெடிப்பு எல்லாம் காசு. மைல் கணக்கு மிஞ்சியிருந்தால் அது தனி. சில ஒப்பந்தங்களில் தேய்மானத்துக்கு ஒரு தொகை வரை கழிவு உண்டு. மாப்பிள்ளை அப்போது அதை வாங்கியிருந்தாரா என்று பார்.

முன்சோதனைக்கு இப்போதே தேதி வாங்கு. வண்டியைக் கழுவிவிட்டு, சாய்ந்த வெயிலில் பக்கவாட்டில் குனிந்து பார், நெளிவெல்லாம் தெரியும். நான் இங்கே அப்படித்தான் பார்ப்பேன். அறிக்கையில் வந்த பழுதைச் சரிசெய்யும் செலவு அபராதத்தைவிடக் குறைவா என்று இரண்டு இடத்தில் கேள். பெயின்ட் உடையாத சின்ன நெளிவை உள்ளிருந்தே தள்ளி எடுக்கும் ஆட்கள் உண்டு, அதற்கு அவ்வளவு ஆகாது. அரைகுறையாகப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் அதுவும் பழுதுக் கணக்கில்தான் வரும். இவ்வளவும் உனக்குத் தெரியும் என்பாய். எம்.பி.ஏ. படித்த பெண்தான், ஆனாலும் பில்லைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் உனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு.

இன்னொன்று. சீக்கிரம் முடிந்தால் பணம் மிச்சம் என்று மார்ச்சுக்கு முன்னால் வண்டியைக் கொடுத்துவிடாதே. முன்கூட்டி முடித்தால் மீதித் தவணைக்குச் சமமான தொகையைக்கூடக் கேட்கலாம். வேறு வண்டியை அதே கம்பெனியில் எடுத்தால் திருப்பிக் கொடுக்கும் கட்டணத்தைப் பலர் தள்ளுபடி செய்கிறார்கள், நீங்கள் எடுக்கவில்லை என்பதால் அது வரும். ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் விலைக்கு வண்டியை நீங்களே எடுத்துக்கொள்ளவும் முடியும். சந்தை விலை அதைவிட அதிகமாக இருந்தால் யோசிக்கலாம், கீறல் கணக்கும் வராது. முன்பணம் வேண்டுமென்றால் பாங்கில் டெபாசிட் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எனக்கு என்ன செய்ய.

முன்சோதனை முடிந்ததும் அறிக்கையை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. மீட்டர் படமும் வேண்டும். சாவி தேடும் வேலையை மாப்பிள்ளையிடம் கொடு, பகலில் அவர் வீட்டில்தானே இருக்கிறார்.

ஆசிகளுடன்
அப்பச்சி