இரண்டு மூட்டை எப்படி இரண்டு மடங்கு ஆனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக விதைப்புக்கு முன்பு படுவான்கரையில் ஒரு திரவப் பசளையின் துண்டுப்பிரசுரம் வீடு வீடாக வந்தது. பக்கத்து வயல்காரர் அதை என்னிடம் நீட்டி, "சேர், விளைச்சல் இரண்டு மடங்காம். வாங்கலாமா?" என்று கேட்டார். படத்தில் ஒரு சலாகை மற்றதைப்போல் இரண்டு மடங்கு உயரமாகத்தான் நின்றது.

அடிமட்டத்தால் அளந்தேன். ஒன்று 2 சென்ரிமீற்றர், மற்றது 4. ஆனால் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த எண்கள் ஏக்கருக்கு 30 மூட்டை, 32 மூட்டை! நிலைக்குத்து அச்சை 28இல் தொடங்கியிருந்தார்கள். இரண்டு சலாகைகளிலும் முதல் 28 மூட்டையை வெட்டிவிட்டால் மிஞ்சுவது 2ம் 4ம்தானே. கொப்பியில் பூச்சியத்திலிருந்து, மூட்டைக்கு அரைச் சென்ரிமீற்றராக வரைந்து காட்டினேன். 15 சென்ரிமீற்றர், 16 சென்ரிமீற்றர். அவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

சலாகை வரைபில் கண் நீளத்தைத்தான் ஒப்பிடுகிறது. அதனால் அடி பூச்சியத்தில் இருந்தே ஆகவேண்டும். கோட்டு வரைபுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. காய்ச்சல்காரரின் வெப்பநிலையைப் பூச்சியத்திலிருந்து வரைந்தால் 98 பாகையும் 103 பாகையும் ஏறக்குறைய ஒரே மட்டமாகத் தெரியும். வைத்தியருக்கு அதனால் பயனில்லை. அங்கே நாம் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை.

பிரசுரத்தின் மறுபக்கம் இதைவிட மோசம். இடது அச்சில் 28 முதல் 32 வரை மூட்டை, வலது அச்சில் 0 முதல் 4 வரை ஏக்கருக்கு ஊற்றிய பசளை லீற்றர். மூன்று போகங்களில் விளைச்சல் 30இலிருந்து 32 ஆகிறது, பசளை 2இலிருந்து 4 ஆகிறது. இரண்டு கோடுகளும் ஒட்டிப் பிறந்தவைபோல் ஒன்றாக ஏறுகின்றன. அந்த ஒட்டுதலைச் செய்தது வயல் அல்ல, வரைந்தவர் தேர்ந்த அளவுத்திட்டம். வலது அச்சை 8 வரை நீட்டியிருந்தால் பசளைக் கோடு பாதி உயரத்தில் கிடந்திருக்கும். இப்படிப்பட்ட படத்தில் கோடுகள் சந்திக்கும் இடத்துக்கும் எந்தப் பொருளும் கிடையாது.

முதற்போகத்தை இரண்டுக்கும் 100 என்று வைத்து ஒரே அச்சில் வரைந்து பாருங்கள். பசளை 200க்குப் போகிறது, விளைச்சல் 107ஐக்கூடத் தொடவில்லை. விவசாயி அறியவேண்டிய செய்தி இது. பிரசுரத்தின் இரட்டை அச்சுப் படத்தில் மறைந்து கிடந்ததும் இதுதான். அந்த இரண்டு மூட்டையும் பசளையால் வந்ததா, மழையால் வந்ததா என்பது வேறு கேள்வி. எந்த வரைபும் அதைத் தனியே சொல்லிவிடாது.

தங்கள் பத்திரிகையிலும் விலைவாசி, விளைச்சல் வரைபுகள் வருகின்றன. சலாகைகளைப் பூச்சியத்தில் தொடங்குங்கள். கோட்டு வரைபின் அச்சு வேறெங்காவது தொடங்கினால், அதைப் படத்தின் மேலேயே பெரிய எழுத்தில் சொல்லுங்கள். இரண்டு அலகுகள் வந்தால் ஆண்டுகளை நேராக வைத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு படங்களாகப் போடுங்கள். அவ்வாறான விளம்பரப் படங்களையும் அச்சிடுமுன் ஒருமுறை அடிமட்டம் வைத்துப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி