எந்த ‘ஆ’ தபசில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் வீட்டுமனைப் பக்கத்தில் ஒரு வாசகர், தன் பத்திர வரைவின் கடைசியில் சொத்து விவரம் சொல்லும் தபசில்களில் எழுத்து மாறியிருக்கிறதே என்று கேட்டதற்கு, “தபசில் எழுத்து மாறியிருப்பது தட்டச்சுப் பிழைதான், கவலை வேண்டாம்” என்று ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டீர்கள். எனக்கும் பத்திரம் எழுதிய அன்று இதையேதான் சொன்னார்கள்.

என் அடுக்ககப் பத்திரத்தில் அ தபசில் மொத்த மனை, ஆ தபசில் அதில் எனக்கு வரும் பிரிபடாத பாகம் 420 சதுர அடி, இ தபசில் வீடு. கடைசி நேரத்தில் கார் நிறுத்தும் இடத்தை நடுவில் சேர்த்தவர்கள் அதற்கும் ‘ஆ’ என்றே போட்டுவிட்டார்கள். பத்திரத்தின் உள்ளே “ஆ தபசில் சொத்தைக் கிரயம் செய்து” என்று இருக்கிறது. எந்த ஆ? மண்ணில் என் பாகமா, கார் இடம் மட்டுமா? எட்டு வருஷம் யாரும் கேட்கவில்லை. விற்கப் போனபோது வாங்குபவருடைய வங்கியின் வக்கீல் கேட்டார், கடன் நின்றது.

பிழைத்திருத்தல் பத்திரம் போடலாம் என்றார்கள். அதற்கு எனக்கு விற்றவர்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். விற்ற அண்ணன் தம்பி இருவரில் அண்ணன் இறந்துவிட்டார், அவருடைய வாரிசுகள் மூன்று ஊரில். அவர்கள் மறுத்திருந்தால் 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் 26ஆவது பிரிவில் வழக்குப் போட்டு, இரு தரப்புக்கும் பொதுவாக நேர்ந்த பிழை என்று நான்தான் நிரூபித்திருக்க வேண்டும். நல்லவேளை வந்தார்கள், ஆனால் நான்கு மாதம் போய்விட்டது, வாங்க வந்தவரும் போய்விட்டார்.

எழுத்து விட்டுப்போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அரசியலமைப்பின் ஆங்கில மூலத்தில் 19(1)-இல் ‘இ’ உட்பிரிவுக்கு அப்புறம் நடைமுறையில் இருப்பது ‘ஜி’தான். சொத்துரிமையைச் சொன்ன ‘எஃப்’ 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தால் நீங்கியது, ‘ஜி’யை மேலே நகர்த்தவில்லை, அதனால் பழைய தீர்ப்புகளில் ‘ஜி’ என்று படித்தால் இன்றும் அதே உரிமைதான். நீக்கியது நீக்கியது என்றே அச்சிலும் தெரிகிறது. நம் பத்திரங்களில் நடப்பது வேறு: கணினியில் ஒரு பத்தியைத் தூக்கினால் தானாக வந்த எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும், “மேற்படி 7(3)-இல் கண்டபடி” என்று கையால் அடித்த வரி மட்டும் பழைய எண்ணிலேயே நிற்கும்.

உங்கள் பக்கத்திலும் இது உண்டு. விதிகளை வெளியிடும்போது உள்தள்ளலை எடுத்துவிட்டு எல்லா உட்பிரிவையும் ஒரே ஓரத்தில் அடுக்குகிறீர்கள். ஆங்கில ‘எச்’சுக்குக் கீழே வரும் ‘ஐ’ அடுத்த எழுத்தா, இல்லை எச்சுக்கு உள்ளே வரும் ரோமன் ஒன்றா என்று படிப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை.

அந்த வாசகர் இன்னும் பதிவு செய்யவில்லை என்றுதான் கேள்வியில் இருந்தது. வரைவில் ‘தபசில்’ என்று வரும் ஒவ்வொரு இடத்தையும் கடைசிப் பக்கத்தோடு விரல் வைத்து ஒப்பிட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடச் சொல்லி, இந்த வாரமே ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர், மதுரை