படத்தில் அவள் அழுவது ஊசிக்காக அல்ல

பழனியில் எங்கள் மகளுக்கு முடி இறக்கிக் காது குத்திய அன்று உடன் நின்ற உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இத்துடன் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, குழந்தைக்குக் காது ரொம்ப வலித்துவிட்டதோ?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். மூக்கு சிவந்து, மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் கண்ணீரோடு கன்னத்தில் வழிய அவள் அழுவது காதுக்காக அல்ல. அவளோடு சேர்ந்து முடி இறக்கிய அவளுடைய அப்பா, குளித்துவிட்டுக் கைகளை நீட்டியபடி வந்தார். குரல் அப்பாவுடையது, தலை யாருடையதோ! 19 மாதக் குழந்தை என்னதான் செய்வாள்? அன்றைய அழுகைகளில் பெரியது அதுதான்.

முதல் அழுகை தண்ணீருக்கு. முடிக்கொட்டகையில் எங்களுக்கு வாய்த்த அண்ணனை நான் மறக்கமாட்டேன். முடி நன்றாக ஊறினால்தான் பிளேடு இழுக்காது என்று அவர் பொறுமையாகத் தலையை நனைத்துக்கொண்டே இருந்தார்; இவள் ஊரைக் கூட்டினாள். எங்கள் கண் முன்னால் புதுப் பிளேடு மாற்றினார். நான் பயத்தில் தலையை இறுக்கிப் பிடித்தபோது, "அமுக்கினால் பிள்ளை இன்னும் திமிறும், தாடையை மட்டும் தாங்குங்கள் அம்மா" என்றார். அவள் அசையும்போதெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். ஒரு கீறல்கூட இல்லை. மடியில் முதல் சுருள் விழுந்ததும் அழுகையை நிறுத்தி, அதை எடுத்து உற்றுப் பார்த்து, தாய்மாமன் கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டு மறுபடியும் அழத் தொடங்கினாள். அண்ணா, உங்களுக்கு என் நன்றி.

அடுத்து, எங்கள் ஊரிலிருந்து கூடவே வந்த ஆசாரி ஐயாவுக்கு. காது குத்த ஒரு நிமிடம்தான் ஆனது. புள்ளி வைக்கத்தான் கால் மணி நேரம். பேனாவால் இரண்டு மடலிலும் புள்ளி வைத்து, எதிரே உட்கார்ந்து முகத்தை நேராகப் பார்த்து, ஒன்று சற்று மேலே இருப்பதாகத் தோன்றியதும் அழித்துவிட்டு மறுபடி வைத்தார். குத்திய பிறகு திருத்த முடியாதே! கூர்முனைத் தங்கக் கம்பி முதல் காதில் இறங்கியபோது அவள் அழவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தாள். பிறகுதான் மண்டபம் அதிர்ந்தது. சிக்கல் இரண்டாவது காதில். இப்போது அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டதால், அந்தக் காதைக் கையால் பொத்திக்கொண்டு "போதும், போதும்" என்றாள். சோறு ஊட்டும்போது சொல்லக் கற்ற சொல் அது.

தம்பி, அங்கேதான் நீ ஜெயித்தாய். மடியில் இருந்தவளின் கையை இழுக்காமல், உன் கடிகாரத்தைக் கழற்றி அவள் முன்னால் ஆட்டினாய். அதைப் பிடிக்கக் கை தானாகக் காதைவிட்டு வந்தது. ஐயா வேலையை முடித்துவிட்டார். நீ கொண்டுவந்த சீர்த்தட்டுகளைவிட அந்தக் கடிகாரம் பெரிய சீர். அதன் கண்ணாடியில் அவள் பல் பதிந்திருக்கிறது என்றால், அதையும் அவளுக்காக வைத்துக்கொள்.

வளையத்தை ஐயா மடலோடு ஒட்டி முறுக்காமல் தளர்வாக விட்டதன் அருமை நான்காம் நாள்தான் புரிந்தது. தலைவழியாகக் கவுன் போட்டபோது வலது வளையம் துணியில் மாட்டி, காது சிவந்து வீங்கிவிட்டது. இறுக்கி முறுக்கியிருந்தால் கம்பி சதையில் பதிந்திருக்கும். அன்று இரவே வந்து பார்த்த எதிர்வீட்டுச் செவிலியர் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? ஒன்றரை வயதுத் தடுப்பூசி போட்ட பிறகே காது குத்தச் சொன்னவரும் அவர்தான். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை மட்டும் போடுங்கள், கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் காலை மாலை துடையுங்கள், வளையத்தைச் சுற்றாதீர்கள், சீழோ காய்ச்சலோ வந்தால் என்னைக் கேட்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டும் வரவில்லை. இடது காது சீக்கிரம் ஆறியது. வலது காதுக்கு ஆறு வாரம் பிடித்தது.

காலை நான்கு மணிக்கே எழுந்து பால் காய்ச்சிய அத்தைக்கும், அவள் தூங்கி எழும்வரை சடங்கைத் தள்ளிவைக்கச் சம்மதித்த பெரியப்பாவுக்கும், வரிசையில் நின்றபோது தன் பேத்தியின் பலூனை இவளுக்குக் கொடுத்த முகம் தெரியாத அம்மாவுக்கும் எங்கள் அன்பு.

இப்போது இரண்டு மொட்டையிலும் முடி முள் முள்ளாக வளர்ந்துவிட்டது. தூங்கப் போகும் முன் அப்பாவின் தலையைத் தடவிவிட்டு, தன் தலையையும் தடவிச் சரிபார்த்துக்கொள்கிறாள்.