ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் பற்றி

அன்புள்ள சரவணா,

எழுதி ரொம்ப நாளாயிற்று. இங்கே எல்லோரும் நலம், அம்மா உன்னைக் கேட்டார்கள். நேற்று சேகர் உன் ஓட்டக் கணக்கை அனுப்பினான், பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை.

எல்லா ஞாயிறும் கடைசி எட்டு கிலோமீட்டரை விரட்டி ஓடுகிறாய். கணேசனைக் கடைசிச் சுற்றில் முந்தாமல் விடாதவன் நீ, தெரியும். ஆனால் உன் புதன்கிழமைகளைப் பார். வேகம் வாரா வாரம் இறங்குகிறது, துடிப்பு மட்டும் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை அசதி புதன் வரை தீரவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறுதான் வேகம். நடுவில் வருவது முழுக்கச் சாவகாச ஓட்டம், பேசிக்கொண்டே ஓடுகிற மாதிரி. ஜனவரி சென்னை மாரத்தானில் நான்கு மணி நேரம் உன் இலக்கு என்றால், கிலோமீட்டருக்கு 5:40 பேஸ். சாவகாசம் என்பது உனக்கு 6:30, வெயில் புழுக்கத்தில் 6:45 ஆனாலும் பரவாயில்லை.

வேக ஞாயிறுகளுக்கு மூன்று வகை ஓட்டம். முதலில் புரோகிரஷன், படிப்படியாக வேகத்தைக் கூட்டுவது. 22 கிலோமீட்டரில் 12 சாவகாசமாக, அடுத்த ஆறு 6:10-ல், கடைசி நான்கு 5:50-ல். இலக்கு வேகத்தைக்கூடத் தொடவில்லை, அதனால் உடம்பு சீக்கிரம் தேறிவிடும். இதை இரண்டு முறை ஓடிவிட்டு அடுத்ததற்குப் போ.

அடுத்தது இலக்கு வேகத்தைத் துண்டு துண்டாகப் போடுவது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மொத்தம் 28: எட்டு சாவகாசமாக, பிறகு 5:40-ல் ஐந்தைந்தாக மூன்று துண்டு, இடையில் ஒவ்வொரு கிலோமீட்டர் மெதுவாக, கடைசி மூன்று தளர்ந்து. பந்தயத்தில் குடிக்கப்போவதை, சாப்பிடப்போவதை இதில்தான் பழக வேண்டும். அந்த வேகத்தில் வயிறு ஜெல்லை ஏற்கிறதா என்று சாவகாச ஓட்டத்தில் தெரியாது. மூன்றாவது துண்டில் அதே 5:40-க்கு மூச்சு வாங்கி, இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லையென்றால் அங்கேயே வேகத்தை விட்டுவிடு. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது பலவீனம் இல்லை, கடிகாரம் சொல்வதைவிட உடம்பு கூடுதலாக உழைக்கிறது, அவ்வளவுதான்.

நீ வாரா வாரம் செய்கிற ஃபாஸ்ட் ஃபினிஷ்தான் இருப்பதிலேயே ஆளை அடிப்பது. 20 கிலோமீட்டர் ஓடிக் களைத்த காலோடு ஆறு கிலோமீட்டர் 5:40-ல் தொடங்கி, கடைசி இரண்டை 5:25-க்குக் கொண்டுவருவது. பந்தயத்தின் பின்பாதி எப்படி இருக்கும் என்று காட்டும், அதற்காகவே வேண்டும். ஆனால் பந்தயத்துக்கு முன் இரண்டே முறை போதும். அதில் கடைசியானது மூன்று வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இந்த ஞாயிறு சாவகாச ஓட்டம்தான், சேகரிடமும் சொல்லியிருக்கிறேன். அப்புறம், முட்டிக்குப் பின்னால் பிடிக்கிறது என்றாயே, அது எப்படி இருக்கிறது? எழுது.

அன்புடன்,
பாலு