விலைகள் எப்போது குறைந்தன?

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் பொருளாதாரப் பக்கத்தில், பம்பலப்பிட்டியில் நடந்த கருத்தரங்கு பற்றிய செய்தியில், 2023 பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் கொழும்பில் விலைகள் 16 சதவீதம் குறைந்தன என்று ஒரு வசனம் கண்டேன். அந்த மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் நானும் இருந்தேன். ஸ்லைட்டில் இருந்தவை இரண்டு தூண்கள். ஒன்றின் தலையில் 51, மற்றதன் தலையில் 35. அடியில், பொடி எழுத்தில், "வருடாந்தப் பணவீக்கம், மட்டந்தட்டப்பட்டது" என்றிருந்தது. பொடி எழுத்தை வாசிக்கத் தங்கள் நிருபருக்கு நேரம் வாய்க்கவில்லை போலும்.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்விரு மாதங்களின் பணவீக்கம் 50.6, 35.3. வித்தியாசம் 15.3 சதவீதப் புள்ளி, மட்டந்தட்டினால் 15. முதலாவது மேலேயும் இரண்டாவது கீழேயும் மட்டந்தட்டப்பட்ட பின் கழித்ததால்தான் 16 பிறந்தது. சதவீதம் என்ற சொல்தான் வேண்டுமென்றால், பணவீக்க வீதம் சுமார் 30 சதவீதம் இறங்கியது என்று எழுதியிருக்க வேண்டும். வீதம் இறங்கியதால் விலைகள் குறைந்ததாகாது, முந்தைய வருடத்தைவிட அவை கூடியே இருந்தன: 2022 ஏப்ரலில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்கள், 2023 ஏப்ரலில் சராசரியாக 135 ரூபா 30 சதம். அந்த மாதங்களில் சந்தைக்குப் பையோடு போனவர்களிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

இது முதற்தடவை என்றால் பேனா எடுத்திருக்க மாட்டேன். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானபோது, "3 சதவீத உயர்வு" என்று தலைப்பிட்டீர்கள். அந்தப் பத்திரிகையைக் கல்லாப்பெட்டிக்கு அருகில் விரித்து வைத்துக்கொண்டு, எங்கள் தெருக் கடைக்காரர் வரியோடு 1150 ரூபாவுக்கு விற்ற பொருளில் 3 சதவீதம் கூட்டி 1184 ரூபா 50 சதம் கேட்டார். வரியில்லாத விலை 1000 ரூபா என்றால் புதிய விலை 1180தான். கூடியது 3 சதவீதப் புள்ளி, வாடிக்கையாளருக்கு அது 2.6 சதவீதம், வரித்தொகைக்கோ 20 சதவீதம் என்று பில்லின் பின்புறத்தில் எழுதிக் காட்டினேன். "பேப்பரிலேயே போட்டிருக்கிறதே, ஐயா" என்றார். 31 வருடம் கணக்கெழுதிய நான், நாலரை ரூபாவுக்காக வாதாடும் கஞ்சனானேன். அன்றும் தங்களுக்கு எழுதினேன். இடமின்மையால் அது வெளிவரவில்லை என்றே இன்றும் நம்புகிறேன்.

தாங்கள் அறியாததல்ல. ஆயினும், ஸ்லைட்டைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துவரும் நிருபர்களிடம், மட்டந்தட்டாத எண்களைப் பேச்சாளரிடம் கேட்டு வாங்கி, முதலில் கழித்துவிட்டுப் பின்னர் மட்டந்தட்டவும், இரு வீதங்களின் வித்தியாசத்தைச் சதவீதப் புள்ளி என்றே எழுதவும் சொல்லுங்கள். ஞாயிறு வசனத்துக்கு, அதே பக்கத்தில், இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர்,
வெள்ளவத்தை.